தகுதிகாண் பருவம்: தொண்ணூறு நாளைத் திட்டமிடுவதில் நேரும் தவறுகள்

புதிதாகச் சேரும் ஒருவருக்குத் தொண்ணூறு நாள் தகுதிகாண் பருவம் என்று பணி நியமன ஆணையில் எழுதிவிடுகிறோம். அந்தத் தொண்ணூறு நாளுக்குள் அவருடைய வேலை எத்தனை முறை முழுச் சுற்று வரும் என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் கணக்கிடுவதில்லை. மற்றத் தவறுகள் பலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் ஒரு விற்பனை நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் ஒருவர் ஜூலை 15 அன்று சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரியைச் செலுத்தும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும். எனவே ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என மூன்று முறை அவர் ஜிஎஸ்டிஆர்-1 வேலையைச் சந்திப்பார். முதல் முறை மூத்தவர் செய்வதைப் பார்த்து, இரண்டாம் முறை மேற்பார்வையில் செய்து, மூன்றாம் முறை தானாகச் செய்வதுதான் இயல்பான வளர்ச்சி. ஆனால் தொண்ணூறாவது நாள் அக்டோபர் 12. அவர் தனித்துச் செய்யும் முதல் தாக்கல் 89-ஆம் நாள் முடிகிறது. கொள்முதல் பதிவேட்டை, நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு ஒப்பிட்டு 3பி தயாரிக்கும் வேலையின் மூன்றாம் சுற்றோ பருவம் முடிந்த பிறகுதான் வருகிறது. அக்டோபர் முதல் வாரத்தில் மதிப்பீட்டை எழுதிவிடும் மேலாளர், அவர் தனியாகச் செய்த ஒரு வேலையைக்கூடப் பார்க்காமலேயே தீர்ப்பு எழுதுகிறார். மாதத் தொடக்கத்தில் சேரச் சொல்வது, அல்லது பருவத்தை நான்கு மாதமாக நியமன ஆணையிலேயே குறிப்பிடுவது, இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

எதிர்பார்ப்பை 'பொறுப்புடன் பணியாற்ற வேண்டும்' என்ற அளவில் விட்டுவிடுவது அடுத்த தவறு. இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் ஒரே முடிவுக்கு வரக்கூடியதாக அந்த வாசகம் இருக்க வேண்டும். 'மூன்றாம் மாதத்தில் 9-ஆம் தேதி மாலைக்குள் டேலியில் உள்ள விற்பனைப் பதிவேடும் ஜிஎஸ்டிஆர்-1 வரைவும் பொருந்த வேண்டும். பொருந்தாத பில்களுக்குக் காரணம் எழுதியிருக்க வேண்டும்' என்பது அத்தகைய வாசகம். இதுபோன்ற மூன்று, நான்கு போதும். அவை முதல் வாரத்திலேயே அவர் கையில் இருக்க வேண்டும்.

நிறுவனத்தின் தாமதத்தைப் புதியவரின் கணக்கில் எழுதுவது இன்னும் மோசமானது. டேலி லாகின் மூன்றாவது வாரத்தில் கிடைத்தது, கற்றுத்தர வேண்டியவர் விடுப்பில் போனார் என்பவையெல்லாம் மூன்று மாதம் கழித்து எவருக்கும் நினைவிருக்காது. 'வேகம் போதாது' என்ற குறிப்பு மட்டும் கோப்பில் நிற்கும். லாகின், வங்கி அறிக்கை, பழைய மாதக் கோப்புகள் ஆகியவை எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டன என்று ஒரு தாளில் குறித்து வைப்பதும், இழந்த நாட்களை மதிப்பீட்டில் கழித்துப் பார்ப்பதும் நியாயத்தின் குறைந்தபட்ச அளவு.

எல்லாவற்றையும் விட அதிகத் தீங்கு செய்வது மௌனம். இரண்டு மாதம் எதுவும் சொல்லாமலிருந்துவிட்டு, கடைசி வாரத்தில் 'வேலை திருப்தியாக இல்லை' என்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. தற்காலிகமாக நியமிக்கப்பட்ட ஒரு மருத்துவரின் பணிநீக்கம் பற்றிய சுமதி ஷெரே வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், பணியில் உள்ள குறையை ஊழியருக்குத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அது அரசுப் பணி தொடர்பான வழக்குதான். ஆனாலும் தனியார் நிறுவனமும் பின்பற்ற வேண்டிய நெறி அது. ஒவ்வொரு தாக்கலும் முடிந்த மறுநாள் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, எந்த பில் தவறியது, ஏன் தவறியது, அடுத்த முறை என்ன மாற வேண்டும் என்று நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். அந்தத் தாளில் புதியவர் தம் பதிலையும் எழுத இடம் வேண்டும்.

முடிவெடுக்கத் தயங்கி, ஒன்றும் சொல்லாமல் பருவத்தை நீட்டிக்கொண்டே போவதும் வழக்கமாகிவிட்டது. நீட்டிக்கும் உரிமை நியமன ஆணையில் இருக்க வேண்டும். பருவம் முடிவதற்கு முன்பே, எந்தக் குறைக்காக, எத்தனை நாள் என்று எழுத்தில் தர வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆவது பிரிவின்படி, அச்சட்டத்தின் கீழ் வரும் ஒருவர் தொடர்ந்து ஆறு மாதம் பணியாற்றிவிட்டால் நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் அவரை நீக்க முடியாது. மூன்று மாதத்தோடு இன்னொரு மூன்று மாதத்தைச் சேர்ப்பவர்கள், 'இன்னும் தகுதிகாண் பருவம்தான்' என்று நினைத்துக்கொண்டே அந்த எல்லையை எட்டிவிடுகிறார்கள். அப்போது காரணத்தைக் காட்ட அவர்களிடம் இருக்கக்கூடியவை, தாக்கலுக்கு மறுநாள் எழுதிய அந்த நான்கு வரிகள் மட்டுமே.