ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்: கரண்டியைக் கையிலிருந்து வாங்கி வையுங்கள்

யாழ்ப்பாணத்துக்குச் சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்குப் பெட்டி அடுக்கும் ஆலோசனை எதுவும் என்னிடம் இல்லை. அதைச் சொல்ல வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறார்கள். நான் சொல்வது இரண்டே பொருள்: வாயால் மருந்து கொடுக்கிற சிரிஞ்ச் ஒன்று, பிள்ளையின் இன்றைய எடை எழுதிய துண்டு ஒன்று. போன மருத்துவச் சந்திப்பில் எடுத்த எடை காணாது. பிரயாணத்துக்கு முந்தின நாள் நிறுத்ததாக இருக்கவேண்டும்.

என் மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. எடை 10.6 கிலோ. வயதுக்கு மெலிந்தவள்தான். பிரித்தானியப் பரசிற்றமோல் பாணிப் போத்தல்களில் இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் என்றால் 180 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். இவளைப்போன்ற மெலிந்த பிள்ளைக்கு அது கொஞ்சம் கூட. அதே கட்டத்தில் வருகிற 16 கிலோப் பிள்ளைக்கு அது குறைந்த பக்கம்தான். ஈரல் மருந்தைக் கையாள்வது உடம்பின் அளவைப் பொறுத்தது, பிறந்தநாளைப் பொறுத்ததல்ல. அதனால்தான் பிள்ளை வைத்தியர்கள் எடையில் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் பரசிற்றமோல். இரண்டு தடவைக்கு இடையில் நான்கு மணித்தியாலமாவது வேண்டும், ஆறு என்றால் நல்லது. 24 மணித்தியாலத்துக்குள் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 10.6 ஐ 15 ஆல் பெருக்கினால் 159 மில்லிகிராம். அதுதான் அவளுக்கு உச்சம்.

இதுவரை எல்லாம் சுலபம். சிக்கல் போத்தலில் தொடங்குகிறது.

ரொறன்ரோவில் நான் வாங்கும் பாணியில் 5 மில்லிலீட்டருக்கு 160 மில்லிகிராம் இருக்கும். ஆகவே அவளுக்கு 5 மில்லிலீட்டருக்குச் சற்றுக் குறைய. ஊர்ப் பாமசியில் கிடைப்பது பெரும்பாலும் 5 மில்லிலீட்டருக்கு 120. அதில் 6.5 மில்லிலீட்டர் வேண்டும். கனடாவிலேயே கைக்குழந்தைகளுக்கென்று விற்கும் சொட்டு மருந்து ஒரு மில்லிலீட்டருக்கு 80. அதில் 2 மில்லிலீட்டருக்குச் சற்றுக் குறைய எடுத்தாலே போதும். மருந்து ஒன்று, பிள்ளை ஒன்று, போத்தலுக்குப் போத்தல் அளவு வேறு. "எங்கட பிள்ளைக்கு அஞ்சு மில்லி" என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். மனப்பாடம் பண்ணவேண்டியது மில்லிகிராமை.

இனிப் பெரியம்மா.

மழைக்காலம். பின்னேரம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இரவு 39 பாகை. பெரியம்மா அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலையும் சில்வர்க் கரண்டியையும் எடுத்து வந்துவிட்டார். "பிள்ளை கொதிக்குது, நிண்டு கணக்குப் பார்க்கிறியோ? ஒரு கரண்டி குடு." நான் சிரிஞ்சை எடுத்ததும் பக்கத்து வீட்டு அன்ரிக்குக் கேட்கும்படி, "வெளிநாட்டிலயிருந்து வந்து பிள்ளைக்கு ஊசி போடப் போறாளாம்" என்றார். ஊசியே இல்லாத சிரிஞ்ச் என்று எத்தனை முறை சொல்லியும் அது எடுபடவில்லை.

போத்தலை வாங்கி விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் படித்தேன். சென்னை வழியாக வந்த யாரோ விட்டுப்போனது. 5 மில்லிலீட்டருக்கு 250. கரண்டியில் தண்ணீரை நிரப்பிச் சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தேன், 10 ஐத் தாண்டியது. அதாவது அந்த ஒரு கரண்டி மருந்தில் 500 மில்லிகிராமுக்கு மேல். பெரியம்மா தலையிடிக்குப் போடுகிற முழுப் பனடோல் குளிசை ஒன்று அவ்வளவுதான்.

ஒரு கரண்டியோடு ஈரல் கெட்டுப்போகாது, அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் காய்ச்சல் குறையவில்லை என்று நாளுக்கு நாலு கரண்டி, அடுத்த நாளும் அப்படியே என்று போனால், நாள் ஒன்றுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்ற எல்லையைப்போல மூன்று மடங்கு உள்ளே போயிருக்கும். ஆபத்து அங்கேதான். ஈரல் நோகும்போது பிள்ளை வாந்தி எடுக்கும், சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும். அதைக் காய்ச்சலின் சோர்வு என்று நினைத்து இன்னொரு கரண்டி கொடுப்போம்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேனா? தண்ணீரைக் காட்டிச் சொன்னேன். "அப்ப உன்னை வளர்த்தது ஆர்?" என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை. தொண்ணூறுகளில் தடையும் தட்டுப்பாடுமாக இருந்தபோது அரைக் குளிசைக்காக சைக்கிளில் அலைந்தவர் அவர். மருந்து கூடிப்போகும் என்று பயப்படுகிற வசதி அப்போது அவருக்கு வாய்க்கவில்லை. நான் அந்த வசதியைத் தேடிப் போய்விட்டேன், அவர் போகவில்லை. அந்த இரவு அவர் முகத்துக்கு நேரே கரண்டியை வாங்கி வைத்தது இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் வாங்கி வையுங்கள்.

அப்புறம் செய்முறை. ஊரில் சிரிஞ்ச் கேட்டால் ஊசி மருந்துக்கானதைத் தந்துவிடுவார்கள். அவசரத்துக்கு அதையே எடுத்தால் ஊசியையும் நுனியில் உள்ள சின்ன மூடியையும் முதலில் கழற்றி எறியுங்கள். அந்த மூடி தெறித்துத் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடியது. பாணியை நன்றாகக் குலுக்கவேண்டும், மருந்து அடியில் படியும். உறிஞ்சியபின் நுனியை மேலே பிடித்துக் காற்றுக் குமிழியை வெளியே தள்ளுங்கள். கண்ணுக்கு நேரே வைத்து, கறுப்பு இறப்பரின் இரண்டு வளையங்களில் நுனிப்பக்கம் உள்ளது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பின்பக்க வளையத்தைப் பார்த்தால் அளவு பிழைக்கும். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரைக்கேறும். அரை மணித்தியாலத்துக்குள் முழுவதையும் வாந்தி எடுத்தால் அதே அளவை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிந்தி எடுத்தால் வேண்டாம்.

எடைத் துண்டு தொலைந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் குடும்பநல மாது நடத்தும் கிளினிக்கில் கேளுங்கள், அங்கே குழந்தைத் தராசு இருக்கும்.

யார் கொடுத்தாலும் நேரத்தையும் மில்லிகிராமையும் ஒரே தாளில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டுங்கள். நான் குளிக்கப் போன நேரத்தில் சின்னம்மா ஒருதரம் கொடுக்கப் பார்த்தார். தடிமன் மருந்துகள் சிலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது, டிஸ்பென்சரியில் ஆசனவாய் வழியே வைக்கும் குளிசையிலும் இருக்கலாம். அதுவும் கணக்கில் சேரும்.

வடக்கில் மாரி என்றால் டெங்கு. நீங்கள் கொண்டுபோன ஐபுபுரோபனை இந்தக் காலத்தில் தொடவேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிற்றமோலால் காய்ச்சல் முற்றாக இறங்கவேண்டும் என்பதுமில்லை, பிள்ளை கொஞ்சம் தெளிந்து தண்ணீர் குடித்தால் போதும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்விக்கவேண்டும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்கு மோசமாகும். வயிற்று நோ, விடாத வாந்தி, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைவு, தூங்கி வழிவது என்று எது கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிய தாளையும் போத்தலையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். டொக்டர் முதலில் கேட்பது, எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைத்தான்.