சிசேரியன் தையல் இழுக்காமல் குழந்தையைத் தூக்கிப் பால் கொடுப்பது எப்படி?

பால் எப்படி ஊறும், என்ன சாப்பிட்டால் நிறைய ஊறும் என்பதெல்லாம் இந்தப் பதிவில் இல்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுகிறது, வயிற்றில் தையல் இருக்கிறது. அப்போது எழுந்து, தூக்கி, பால் கொடுத்து, திரும்பப் படுக்கவைப்பது வரைக்கும் உடம்பை எப்படி அசைப்பது என்பது மட்டும்தான் இங்கே.

எதனால் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி சுலபம். வெளியே தெரிவது அடிவயிற்றில் குறுக்காக ஒரு தழும்பு. உள்ளே தோல், கொழுப்பு, தசையை மூடியிருக்கும் உறை, கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காக வெட்டித் தைத்திருக்கிறார்கள். வயிற்றுத் தசையை வழக்கமாக வெட்டுவதில்லை, நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அந்தத் தசை இறுகும்போதெல்லாம் தைத்த உறை இழுபடும். மல்லாக்கப் படுத்தபடி நேராக எழுவதும், இடுப்பைத் திருகுவதும், குனிந்தபடி கையை நீட்டித் தூக்குவதும் அந்தத் தசையைத்தான் இறுக்குகின்றன. மூன்று கிலோ குழந்தையின் எடையைவிட இந்த அசைவுகள்தான் வலிக்குக் காரணம். வேலையைக் கைக்கும் காலுக்கும் தலையணைக்கும் கொடுத்துவிட்டு வயிற்றைச் சும்மா விடுவதுதான் மொத்த உத்தியும்.

1. படுக்கையிலிருந்து எழுவது

முதலில், பாய் வேண்டாம். எங்கள் அம்மா ஆசையாகப் பாய் விரித்து வைத்திருந்தார். தரையிலிருந்து எழுவதற்கு வயிறு படும் பாட்டைச் சொல்லிப் புரியவைத்துக் கட்டிலுக்கு மாறினேன். உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிற உயரத்தில் கட்டில் இருந்தால் நல்லது.

ஒரு காலை மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்றுங்கள். அப்புறம் அடுத்த காலை. இப்போது தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றாக வருகிற மாதிரி கட்டில் ஓரத்தைப் பார்த்து ஒருக்களியுங்கள். தோள் முன்னால் போய் இடுப்பு பின்தங்கினால் அதுதான் திருகல், சுருக்கென்று தெரியும். ஒருக்களித்தபின் இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே இருக்கும் முழங்கையாலும் மேலே இருக்கும் உள்ளங்கையாலும் மெத்தையைத் தள்ளி எழுங்கள். தள்ளும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. உட்கார்ந்ததும் உடனே நிற்க வேண்டாம். தலை சுற்றல் இல்லை என்று தெரிந்தபின் நில்லுங்கள். திரும்பப் படுப்பதற்கும் இதே வரிசைதான், தலைகீழாக.

இருமலோ தும்மலோ வந்தால் ஒரு சின்னத் தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் கை எட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.

2. தூக்குவது

குழந்தையைத் தொடுவதற்கு முன்பே உட்காரப்போகும் இடத்தைத் தயார் செய்துவிடுங்கள். தலையணைகள், துண்டு, குடிக்கத் தண்ணீர். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு தலையணைக்கு எட்டுவதுதான் தையலுக்கு ஆகவே ஆகாத வேலை.

குழந்தை படுத்திருக்கும் இடம் உங்கள் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தூளி இந்த விஷயத்தில் எனக்குப் பிடிக்காது. குழந்தை அதன் ஆழத்தில் கிடக்கும். எடுக்க வேண்டுமானால் குனிந்து, துணியை ஒரு கையால் விலக்கி, மறு கையை நீட்ட வேண்டும். உயரமாகக் கட்டினால் குனிய வேண்டியதில்லை என்று பார்த்தால், விழுந்தால் என்ன ஆவது என்ற பயம். முதல் சில வாரம் தூளியிலிருந்து எடுக்கும் வேலை பாட்டியுடையதாகவே இருக்கட்டும்.

அருகில் போய், கட்டிலைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். காலைச் சற்று அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். ஒரு கை குழந்தையின் தோளுக்கும் கழுத்துக்கும் அடியில், மறு கை பிட்டத்துக்கு அடியில். முதலில் குழந்தையை உங்கள் மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம்தான் நிமிர வேண்டும். நிமிரும்போது மூச்சை விடுங்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள், இடுப்பை மட்டும் திருப்பாதீர்கள்.

3. அக்குளுக்கடியில் வைத்துப் பால் கொடுப்பது

மடியில் குறுக்காகப் படுக்கவைத்துக் கொடுப்பதுதான் நாம் பார்த்துப் பழகியது. அதில் குழந்தையின் இடுப்பும் காலும் நேராகத் தையல் மேல் வரும், எட்டி உதைக்கவும் செய்யும். அதற்குப் பதிலாகக் குழந்தையின் உடம்பை உங்கள் விலாப் பக்கமாக, அக்குளுக்கு அடியில், கால் உங்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் இதை ஃபுட்பால் ஹோல்ட் என்பார்கள்.

வலது பக்கம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வலது விலாவை ஒட்டி ஒன்றோ இரண்டோ தலையணை. குழந்தையின் முகம் மார்பின் உயரத்துக்கு வரும்வரை அடுக்குங்கள். வலது முன்கை குழந்தையின் முதுகைத் தாங்கட்டும். உள்ளங்கை தோள்களுக்கு நடுவே, விரல்கள் காதுகளுக்குக் கீழே. பின்தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினால் குழந்தை தலையைப் பின்னுக்கு இழுக்கும், அழுத்த அழுத்த இன்னும் இழுக்கும். குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, தாடை முதலில் படுகிற மாதிரி தோளைப் பிடித்து அணைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இங்கேதான் சிக்கல் வந்தது. குழந்தை வாயை வைக்கும், இரண்டு தடவை உறிஞ்சும், உடனே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தும். பால் வரவில்லை என்று வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். காரணம் பாலில் இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், குழந்தையின் பாதம் சுவரில் பட்டுக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தையின் உள்ளங்காலில் ஏதாவது கெட்டியாகப் பட்டால் அது காலை உதைத்து உடம்பை நீட்டும். இதற்கு இரண்டு வழி உண்டு. முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த தலையணை வைத்து நீங்கள் முன்னால் தள்ளி உட்காரலாம், அப்போது காலுக்கு இடம் கிடைக்கும். இடமே இல்லையென்றால் குழந்தையின் இடுப்பை மடக்கி, கால் இரண்டும் சுவரோடு மேல்நோக்கி இருக்கும்படி வைக்கலாம். நாற்காலியின் முதுகுச் சாய்விலும் இதே தொல்லை வரும்.

சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். தாடை மார்பில் பதிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழுதட்டுப் பக்கத்தைவிட மேலுதட்டுப் பக்கம் அதிகமாகத் தெரியும். கன்னம் உப்பியிருக்கும், விழுங்குவது காதில் விழும். முதல் சில உறிஞ்சலுக்குப் பிறகும் வலி தொடர்ந்தாலோ, குழந்தை விட்ட பின் காம்பு நசுங்கிச் சரிவாக இருந்தாலோ பிடிப்பு சரியில்லை. இழுத்துப் பிடுங்காமல், கழுவிய சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து மறுபடி வையுங்கள்.

குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். முன்னால் கூனிக் குனிந்தால் வயிறு மடிந்து தையல் அழுந்தும்.

சாமான் விஷயத்தில் என் கருத்து: அரைவட்ட ஃபீடிங் பில்லோவை இடுப்பைச் சுற்றி மாட்டினால் பலருக்கு அதன் விளிம்பு சரியாகத் தையலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பக்கவாட்டில் வைத்துப் பயன்படுத்துங்கள். வாங்கவில்லையென்றால் அழுந்தாத பழைய இலவம்பஞ்சுத் தலையணை போதும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் விலாப் பக்கம் இடமே இருக்காது. கைப்பிடி இல்லாத நாற்காலியைக் கட்டிலை ஒட்டிப் போட்டு, தலையணையைக் கட்டில் மேலேயே அடுக்குவது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

4. ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது

ஆபரேஷன் முடிந்து கால் மரத்திருக்கும் முதல் சில மணி நேரத்துக்கும், உட்காரவே தெம்பில்லாத நேரத்துக்கும் இதுதான். ஆனால் அந்த முதல் சில மணி நேரம் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குழந்தையையும் உங்களைப் பார்த்து ஒருக்களித்து வைத்து, மூக்கு காம்புக்கு நேராக வரும்படி சரிசெய்யுங்கள். ஒரு சின்னத் துண்டை நாலாக மடித்துத் தையலுக்கும் குழந்தையின் காலுக்கும் இடையில் வைத்தால் உதை அதில் விழும். அடுத்த பக்கம் திரும்ப வேண்டுமானால் குழந்தையை உதவிக்கு இருப்பவர் கையில் கொடுத்துவிட்டு, முதலில் சொன்ன மாதிரி முழங்காலை மடக்கித் திரும்புங்கள்.

வலி மாத்திரைக்குப் பிறகும், ராத்திரியிலும் தூக்கம் கண்ணைச் சொருகும். அதனால் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் தலையணையோ போர்வையோ வேண்டாம். சோபாவில் படுத்துக்கொண்டு கொடுக்கவே கொடுக்காதீர்கள், இடுக்கில் குழந்தை மாட்டிக்கொள்ளும். குடித்து முடித்ததும் குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும்.

மாத்திரை என்றதும் ஒன்று. "பால்ல மருந்து இறங்கிடும்" என்று அத்தை சொன்னார் என்பதற்காக வலி மாத்திரையை நிறுத்தாதீர்கள். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் டாக்டர் சொன்ன அளவில் பால் கொடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடியவைதான். வேறு எதுவானாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

தையலைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, வாடை அடித்தாலோ, தையல் விட்டாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது. இது நான் உட்காரும் விதம் சரியில்லாததால் வந்த வலி என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட வேண்டாம்.

பிறகு சேர்த்தவை

மூத்த பிள்ளையைத் தூக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பிறந்த குழந்தையின் எடைக்கு மேல் எதையும் முதல் ஆறு வாரம் தூக்க வேண்டாம் என்பதுதான் பொதுவாக டாக்டர்கள் சொல்வது. மூத்தது அழுதால் நீங்கள் கட்டிலில் உட்காருங்கள், அது ஒரு ஸ்டூலில் ஏறி உங்கள் பக்கத்துக்கு வரட்டும். மடியில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வயிற்று பெல்ட் பற்றி: நடக்கும்போது பிடிமானமாக இருக்கிறது என்று டாக்டர் போடச் சொல்லியிருந்தால் போடுங்கள். ஆனால் உட்கார்ந்தவுடன் அது சுருண்டு, கீழ் விளிம்பு தையலில் வெட்டும். பால் கொடுக்க உட்காருவதற்கு முன் தளர்த்திவிடுங்கள்.

இரட்டைக் குழந்தைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அக்குள் பிடி அவர்களுக்கு இன்னும் வசதி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம், நடுவில் வயிறு காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி நீங்கள் உட்கார்ந்தபின், ஒவ்வொரு குழந்தையாக இன்னொருவர் எடுத்து வைக்க வேண்டும். முதல் குழந்தை சரியாகப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் இரண்டாவதை வாங்கிக்கொள்ளுங்கள்.