போனிலும் டிவியிலும் வெட்டுப்படாத யூடியூப் பேனர்: ஜிம்ப்பில் செய்யும் முறை

அக்காவின் மாடித்தோட்ட சேனலுக்கு நான் முதலில் வைத்த பேனரில், அக்கா பூவாளியோடு செடிகளுக்கு நடுவே நிற்கிற படம் இருந்தது. டிவியில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது, ஆனால் போனில் திறந்தால் தலையும் இல்லை காலும் இல்லை, இடுப்பும் பூவாளியின் கைப்பிடியும் மட்டும்தான் தெரிந்தன. காரணம், யூடியூப் கேட்கிற படம் 2560 x 1440 பிக்சல் என்றாலும் அது முழுசாகத் தெரிவது டிவியில் மட்டும்தான். கணினியில் அதன் நடுவிலிருந்து 423 பிக்சல் உயரமுள்ள ஒரு பட்டை மட்டும் தெரியும். டேப்லெட்டில் அதே பட்டை 1855 அகலத்துக்குச் சுருங்கும், போனில் 1546 அகலம்தான் மிஞ்சும்.

அதனால் பேனர் வேலை தொடங்குவது போட்டோ எடுக்கும்போதே. போனைப் படுக்கைவாக்கில் பிடித்து எடுத்த 4000 x 3000 படத்தை 2560 அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 1920 வரும், அதில் 423 என்பது ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆக, தொட்டி வரிசை முழுசும் படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும்படி நன்றாகப் பின்னால் தள்ளி நின்று எடுங்கள். மேலே வானம், கீழே தரை என்று வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றும். அந்த வெறுமைதான் டிவிக்கு வேண்டும். நிற்கிற ஆளை இந்தப் பட்டைக்குள் கொண்டுவரப் பார்க்காதீர்கள், முழு உருவமும் அடங்கினால் முகம் கடுகளவுதான் இருக்கும்.

சரி, இனி படங்களைத் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பைத் திறந்து `File → New` போய் 2560 x 1440 கொடுங்கள். அடுத்து `Image → Guides → New Guide` வழியாகக் கோடுகளைப் போட வேண்டும். `Horizontal` என்று வைத்து 508, 931 ஆகிய இடங்களில் இரண்டு கோடுகள், `Vertical` என்று வைத்து 507, 2053 ஆகிய இடங்களில் இரண்டு. நடுவில் உருவாகிற பெட்டிதான் எல்லாச் சாதனங்களிலும் தெரியும் இடம். டேப்லெட்டின் எல்லையும் வேண்டுமானால் 352, 2207 இரண்டிலும் செங்குத்துக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

`File → Open as Layers` கொடுத்துப் போட்டோவைக் கொண்டுவந்து, `Shift+S` அழுத்தி, சங்கிலிப் படம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அகலத்தை 2560 ஆக்குங்கள். உயரத்தில் 480 பிக்சல் மிச்சம் இருக்கும், அந்த அளவுக்குள் படத்தை மேலும் கீழும் நகர்த்தித் தொட்டி வரிசையை நடுப்பட்டைக்குள் உட்கார வையுங்கள். தக்காளிக் கொத்து மாதிரி கண்ணில் படவேண்டிய ஒன்று நடுப்பெட்டிக்குள் வலது ஓரமாக வந்தால் நல்லது, ஏனென்றால் பெட்டிக்கு வெளியே இருக்கிற எந்தச் செடியும் போனில் வராது.

பெயர் பளிச்சென்று தெரிய, எழுத்துக்குப் பின்னால் மட்டும் கறுப்புப் பட்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். போனில் அது சரியாகத்தான் இருக்கும், டிவியில் படத்தின் நடுவே யாரோ இன்சுலேஷன் டேப் ஒட்டிய மாதிரித் தெரியும். நான் போட்டோ முழுவதன் மேலும் கறுப்பு நிற லேயர் ஒன்றைப் போட்டு அதன் `Opacity` அளவை 35 ஆக்கிவிடுவேன், எங்கே வெட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும். பட்டையின் விளிம்பை ஒட்டி பார்டர் போடுவதும் வேண்டாம், வெட்டு ஒன்றிரண்டு பிக்சல் தள்ளி விழுந்தாலே ஒரு பக்கக் கோடு காணாமல் போகும்.

அப்புறம் எழுத்து. 1546 பிக்சலும் போனில் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டருக்குள் சுருங்குவதால், 100 பிக்சல் உயர எழுத்து நாலு மில்லிமீட்டர்தான் வரும், அதற்குக் கீழே போகாதீர்கள். தமிழில் ‘கி’யின் கொக்கி மேலேயும் ‘கு’வின் சுழி கீழேயும் நீளும் என்பதால், இரண்டு வரி வைத்தால் கோடுகளை ஒட்டாமல் மேலேயும் கீழேயும் 40 பிக்சலாவது விடுங்கள்.

`.xcf` கோப்பைச் சேமித்துவிட்டு, `File → Export As` போய் `.jpg` ஆக எடுங்கள், தரம் 90 போதும், 6 எம்பியைத் தாண்டக்கூடாது. யூடியூப் ஸ்டூடியோவில் `Customization` பக்கத்தில் பேனரை ஏற்றும்போது மூன்று பெட்டிகள் தெரியும். அதில் `Viewable on all devices` என்பதற்குள் பெயரும் தக்காளியும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு `Done`, பிறகு `Publish`. கடைசியாக ஒரு தடவை போனை எடுத்துச் சேனல் பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். பெயரைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் `.xcf` கோப்பைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்குங்கள், பின்னணியைத் தொட வேண்டியதில்லை.