வால்ப்ரோவேட் சேர்த்ததும் ஃபெனிட்டாயின் அளவு ஏன் குறைகிறது: படிப்படியாகக் கணக்கிட்டுப் பார்ப்போம்

வலிப்புக்காக ஃபெனிட்டாயின் எடுத்துவரும் ஒருவருக்கு வால்ப்ரோவேட்டும் தொடங்குகிறார்கள். இரண்டு நாள் கழித்து ரத்தத்தில் ஃபெனிட்டாயின் பார்த்தால் 14 இருந்தது 9 ஆகிவிட்டது. மருந்து போதவில்லை போலும் என்று டோஸைக் கூட்டினால், அடுத்த வாரம் அவர் தள்ளாடியபடி, இரட்டையாகத் தெரிகிறது என்று வந்து நிற்பார். மருந்து குறைந்ததாகக் காட்டிய சீட்டு எதை அளந்தது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. காகிதமும் கால்குலேட்டரும் போதும். ஒரே நோயாளியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்.

படி 1: சீட்டில் உள்ள எண்ணைப் பிரியுங்கள்

சாதாரண ஆய்வகச் சோதனை பிளாஸ்மாவில் உள்ள மொத்த ஃபெனிட்டாயினையும் அளக்கிறது. அதில் சுமார் 90 சதவீதம் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மீதி 10 சதவீதம்தான் கட்டற்றது. வார்டில் ஃப்ரீ லெவல் என்பார்கள். ஆல்புமின் பெரிய மூலக்கூறு. அது மூளைக்குள் எளிதில் போகாது, கல்லீரல் நொதியின் பிடியிலும் சிக்காது. அதனால் வலிப்பை அடக்குவது, பக்கவிளைவு தருவது, கல்லீரலில் சிதைவது எல்லாமே அந்த 10 சதவீதத்தின் வேலை.

```
கட்டற்ற அளவு = மொத்த அளவு × கட்டற்ற பங்கு
1.4 = 14 × 0.10
```

அலகு மி.கி./லிட்டர். மைக்ரோகிராம்/மி.லி. என்று அச்சிட்டிருந்தாலும் எண் அதேதான். மொத்த அளவுக்கு வழக்கமான வரம்பு 10 முதல் 20 வரை. கட்டற்ற அளவுக்கு 1 முதல் 2 வரை. இந்த இரண்டாவது வரம்புதான் உண்மையில் முக்கியம். முதலாவது, ஆல்புமின் நன்றாக இருந்து, குறுக்கே வேறு மருந்தும் இல்லாதபோது மட்டும் இதற்கு ஈடாகும்.

நம் நோயாளியின் எடை 60 கிலோ. தினம் 300 மி.கி. ஃபெனிட்டாயின். ஆல்புமின் இயல்பு, சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது. மொத்தம் 14, கட்டற்றது 1.4.

படி 2: முதலில் ஆல்புமினைப் பாருங்கள்

ஒரு மருந்து இன்னொன்றை ஆல்புமினிலிருந்து தள்ளிவிடும் இடப்பெயர்ச்சியைச் சந்தேகிக்கும் முன் இந்த எளிய காரணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். ஆல்புமின் குறைந்திருந்தால் ஒட்ட இடமில்லை. கட்டற்ற பங்கு தானாகவே கூடும். இதற்கு ஷெய்னர்–டோஸர் சமன்பாடு உண்டு:

```
திருத்திய அளவு = அளந்த மொத்தம் / (0.2 × ஆல்புமின் + 0.1)
```

ஆல்புமினை கிராம்/டெசிலிட்டரில் போட வேண்டும். கிராம்/லிட்டரில் வந்த எண்ணை அப்படியே போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. விடை பத்து மடங்குக்கு அருகில் தவறும். ஆல்புமின் 2.0, மொத்தம் 8 என்றால் 8 / 0.5 = 16. அதாவது குறைவு என்று தோன்றிய 8, இயல்பான ஆல்புமின் உள்ளவரிடம் 16 இருப்பதற்குச் சமம். சிறுநீரகம் ஏறக்குறைய செயலிழந்தவர்களுக்கு 0.2-க்குப் பதில் 0.1 போடுவார்கள், ஏனென்றால் அவர்களிடம் இருக்கிற ஆல்புமினும் சரியாகப் பிடிப்பதில்லை.

இந்தச் சமன்பாட்டுக்கு வால்ப்ரோவேட் பற்றி எதுவும் தெரியாது. நம் நோயாளிக்கு இது உதவாது.

படி 3: முதல் சில மணி நேரம்

வால்ப்ரோவேட்டும் ஆல்புமினில் ஒட்டும், அதுவும் ஃபெனிட்டாயினைவிட மிக அதிக அளவில் ரத்தத்தில் இருக்கும். ஆரோக்கியமானவர்களிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் ஃபெனிட்டாயினின் கட்டற்ற பங்கு 60 சதவீதம் கூடியது. நம் கணக்கில் 0.10 என்பது 0.16 ஆகிறது.

இங்கேதான் பலருக்கு வழுக்கும். கட்டற்ற பங்கு 60 சதவீதம் கூடினால் கட்டற்ற அளவும் 60 சதவீதம் கூடி 2.24 ஆகிவிடும் என்று எழுதிவிடுவார்கள். உதிர்ந்த மருந்து பிளாஸ்மாவிலேயே தங்கினால் அப்படி ஆகும். ஆனால் தங்காது. எவ்வளவு உதிர்கிறது, எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபெனிட்டாயினின் பரவல் கனஅளவு கிலோவுக்குச் சுமார் 0.65 லிட்டர், 60 கிலோவுக்கு 39 லிட்டர். உடலில் உள்ள மருந்து 39 × 14 = 546 மி.கி. பிளாஸ்மா வெறும் 3 லிட்டர். அதில் இருப்பது 42 மி.கி. மீதி 504 மி.கி. திசுக்களில். ஆல்புமினிலிருந்து உதிர்வது அந்த 42-க்குள் ஒரு பகுதிதான். அது 504 மி.கி. ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குள் பரவுகிறது.

```
திசு: 504 / 1.4 = 360
360 × F + 3 × F / 0.16 = 546
F = 546 / 378.75 = 1.44
மொத்தம் = 1.44 / 0.16 = 9.0
```

F என்பது புதிய கட்டற்ற அளவு. 1.4 இருந்தது 1.44 ஆனது. மொத்தமோ 14-லிருந்து 9-க்கு விழுந்தது. ஆல்புமினில் பாதிக்கு மேல் ரத்தக்குழாய்க்கு வெளியே திசு நீரில் இருப்பதையும் கணக்கில் சேர்த்தால் F சுமார் 1.5 வரும், அதற்கு மேல் இல்லை. குளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் மட்டம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவுதான் இந்த ஏற்றம்.

படி 4: அடுத்த சில நாட்கள்

கல்லீரல் எடுத்துச் சிதைப்பது கட்டற்ற மருந்தை. கட்டற்ற அளவு சற்றே கூடினால் சிதைவின் வேகமும் கூடும், பழைய 1.4-க்குத் திரும்பும்வரை அது நிற்காது. ஏனென்றால் தினம் உள்ளே போகும் 300 மி.கி.யும் தினம் வெளியேறுவதும் சமமாகும் இடம் 1.4-தான். ஆல்புமின் எவ்வளவு பிடிக்கிறது என்பது இந்தச் சமநிலைக்குள் வரவே இல்லை.

```
கட்டற்ற அளவு = 1.4
மொத்த அளவு = 1.4 / 0.16 = 8.75
```

வெறும் இடப்பெயர்ச்சி மட்டும் நடந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். மொத்தம் 8.75, வரம்புக்குக் கீழே. ஆனால் நோயாளிக்குக் கிடைக்கும் மருந்தில் மாற்றமே இல்லை. டோஸைத் தொட வேண்டிய தேவையும் இல்லை. கல்லீரல் மெதுவாகச் சிதைக்கும், வாய்வழி கொடுக்கும் மருந்துகள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

படி 5: நொதியையும் சேருங்கள்

வால்ப்ரோவேட் இன்னொன்றும் செய்கிறது: ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அதே ஆய்வில் கட்டற்ற ஃபெனிட்டாயின் வெளியேறும் திறன் 25 சதவீதம் குறைந்தது. அதைப் போட்டால்:

```
கட்டற்ற அளவு = 1.4 / 0.75 = 1.87
மொத்த அளவு = 1.87 / 0.16 = 11.7
```

இந்த இரண்டு வரிகளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். மொத்தம் 14-லிருந்து 11.7-க்கு இறங்கியிருக்கிறது. கட்டற்றது 1.4-லிருந்து 1.87-க்கு ஏறியிருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கூட்டலாமா என்று யோசிக்கும் வேளையில் நோயாளி மேல்வரம்பைத் தொடப்போகிறார்.

கூட்டினால் என்ன ஆகும்? ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதி எளிதில் நிரம்பிவிடும். நம் நோயாளிக்கு நொதியின் உச்சத் திறன் நாளொன்றுக்கு 407 மி.கி. என்றும், பாதி வேகத்துக்கான கட்டற்ற அளவு 0.5 என்றும் வைத்தால், 300 மி.கி.க்கு 1.4 சரியாக வரும். வால்ப்ரோவேட்டின் தடையால் அந்த 0.5 என்பது 0.67 ஆகிறது. இப்போது 350 மி.கி. கொடுங்கள்:

```
F = 0.67 × 350 / (407 − 350) = 4.1
```

வெறும் 50 மி.கி. கூட்டியதற்குக் கட்டற்ற அளவு இரண்டு மடங்குக்கு மேல். ஒரே நாளில் அங்கே போய்விடாது; ஒரு வாரம், இரண்டு வாரம் என்று மெல்ல ஏறும். அதனால்தான் தள்ளாட்டத்தையும் டோஸ் மாற்றத்தையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இடப்பெயர்ச்சியின் மேல் பழி விழுந்து, உண்மையான காரணம் நொதியாக இருப்பது இங்கே மட்டுமல்ல. வார்ஃபரினோடு ஃபீனைல்பியூட்டசோன் சேர்த்தபோது வந்த ரத்தக்கசிவுக்குப் பல ஆண்டுகள் இதே விளக்கம்தான் சொல்லப்பட்டது. பிறகு பார்த்தால் ஃபீனைல்பியூட்டசோன், வார்ஃபரினின் வீரியமான வடிவம் சிதைவதைத் தடுத்திருந்தது.

படி 6: அளக்க முடிந்தால் அளவிடுங்கள், முடியாவிட்டால் மதிப்பிடுங்கள்

கட்டற்ற ஃபெனிட்டாயினைத் தனியாக அளக்கச் சொல்வதே நல்லது. பிளாஸ்மாவையோ சீரத்தையோ ஆல்புமின் நுழைய முடியாத நுண்வடிகட்டியில் மையவிலக்கிச் சுழற்றி, கீழே வடிந்ததை அளப்பார்கள். சுழற்றும் வெப்பநிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் பிணைப்பு இறுகும்; 37 டிகிரியில் வருவதைவிட எண் குறைவாக வரும். ஹெப்பாரின் ஓடும் குழாயிலிருந்து ரத்தம் எடுத்தால் நேர்மாறான பிழை: குழாயிலேயே கொழுப்பு அமிலங்கள் பிரிந்து ஆல்புமினில் ஏறி மருந்தைத் தள்ளிவிடும், எண் கூடுதலாகக் காட்டும்.

அந்த வசதி இல்லாத இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்த மொத்த ஃபெனிட்டாயினும் வால்ப்ரோவேட்டும் இருந்தால் இப்படி மதிப்பிடலாம். நம் நோயாளியின் வால்ப்ரோவேட் அளவு 65 என்று வைத்துக்கொள்வோம்:

```
கட்டற்ற ஃபெனிட்டாயின் =
  (0.095 + 0.001 × வால்ப்ரோவேட்) × மொத்த ஃபெனிட்டாயின்

(0.095 + 0.001 × 65) × 11.7 = 1.87
```

இரண்டையும் அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுங்கள். வால்ப்ரோவேட் நாள் முழுக்க ஏறி இறங்குவதால் ஃபெனிட்டாயினின் கட்டற்ற பங்கும் கூடவே ஏறி இறங்கும். காலையில் எடுத்த ஒன்றையும் மாலையில் எடுத்த மற்றொன்றையும் கோத்தால் கணக்கு வெறும் அலங்காரம். வால்ப்ரோவேட்டே தன் ஆல்புமின் இடங்களை நிரப்பிவிடும் மருந்து: 40 அளவில் சுமார் 10 சதவீதம் கட்டற்று இருப்பது 130 அளவில் 18.5 சதவீதம் ஆகிவிடும். ஆல்புமினும் குறைந்து வால்ப்ரோவேட்டும் இருந்தால் மேலே உள்ள மதிப்பீடு குறைத்தே காட்டும். அப்போது நேரடி அளவீட்டுக்கு மாற்று இல்லை.

எண் எதுவானாலும் நோயாளியின் கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டிப் பாருங்கள், நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். கண் துடிப்பும் தள்ளாட்டமும் இருந்து மொத்தம் 12 என்றால், தவறான இடத்தில் நிற்பது அந்த 12.

இடப்பெயர்ச்சி மட்டுமே ஆபத்தாகும் இடம்

படி 4-இல் காப்பாற்றியது கல்லீரல். உதிர்ந்ததை உடனே வெளியேற்ற முடியாத உடலில் அந்தக் காப்பு இல்லை. பிறந்த குழந்தையின், குறிப்பாகக் குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் ஆல்புமினோடு ஒட்டியிருப்பது பிலிரூபின். அதைக் கையாளும் கல்லீரல் நொதி இன்னும் முதிரவில்லை. 1956-இல் வெளியான ஒப்பீட்டில், பெனிசிலினோடு சல்ஃபிசாக்சசோல் கொடுத்த குறைமாதக் குழந்தைகளிடம் இறப்பும், பிலிரூபின் மூளையில் படியும் கெர்னிக்டரஸும் அதிகமாக இருந்தன. சல்ஃபா ஆல்புமினிலிருந்து தள்ளிய பிலிரூபின் போக்கிடமின்றி மூளைக்குள் போனது. அப்போதும் ரத்தத்தில் மொத்த பிலிரூபின் குறைந்தே தெரியும். மஞ்சள் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோன் தவிர்க்கப்படுவதும் இதே காரணத்தால்தான்.