எக்செல்லில் என்பிவி விடை ஒத்துவராதபோது: ஒரு மாணவியின் கணக்கும் ஓர் ஆண்டுப் பிழையும்

நிதி மேலாண்மைப் பாடத்தில் என்பிவி, அதாவது நிகர நிகழ்கால மதிப்பு, கேட்கும் கணக்கு இது. தொடக்க முதலீடு 1,00,000. அடுத்த நான்கு ஆண்டுகளின் முடிவில் வரும் தொகைகள் 30,000, 40,000, 50,000, 20,000. தள்ளுபடி வீதம் 10%. புத்தகத்தின் விடை 11,557. ஒரு மாணவிக்கோ ஒவ்வொரு முறையும் 10,505.99 தான் வந்தது.

அவள் செய்தது இவ்வளவுதான். A2 முதல் A6 வரை 0, 1, 2, 3, 4 என்று ஆண்டுகள். பக்கத்தில் B2-இல் -100000, அதன் கீழே நான்கு வரவுகள். பிறகு இந்தச் சூத்திரம்:

```
=NPV(10%,B2:B6)
```

முதலில் எண்களைத் தவறாகத் தட்டிவிட்டோமோ என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அடுத்து, புத்தகத்தில் வீதம் அச்சுப்பிழையோ என்று 9.5% போட்டாள். 11,645.55 வந்தது. புத்தக விடைக்கு ஓரளவு நெருக்கம், ஆனால் அது இல்லை. இப்படி வீதத்தை அசைத்துப் பார்ப்பதுதான் மிக மோசமான வழி. எந்த விடைக்கும் பொருந்தும் ஒரு வீதம் எங்காவது கிடைத்துவிடும். உண்மையான பிழை அப்படியே உள்ளே இருக்கும்.

பிழையைத் தேட இரண்டு சோதனைகள் போதும்.

சோதனை 1: வீதத்தை 0% ஆக்குங்கள். தள்ளுபடியே இல்லையென்றால் வரவும் செலவும் வெறுமனே கூட்டப்படும்: 1,40,000 கழித்தல் 1,00,000. அவளுக்கும் 40,000 வந்தது. அப்படியானால் தொகைகளிலும் குறிகளிலும் தவறில்லை. எந்தத் தொகையை எத்தனை ஆண்டுக்குத் தள்ளுபடி செய்கிறோம் என்பதில்தான் கோளாறு.

சோதனை 2: தொடக்க முதலீட்டை மட்டும் தனியே கொடுங்கள்.

```
=NPV(10%,B2)
```

இன்றே கையை விட்டுப் போகும் பணத்தின் நிகழ்கால மதிப்பு -1,00,000 ஆகவே இருக்க வேண்டும். ஆனால் திரையில் வந்தது -90,909.09. அதாவது 1,00,000-ஐ 1.10-ஆல் வகுத்த தொகை. இங்கேதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது: `NPV` தனக்குக் கொடுக்கும் முதல் எண்ணை முதல் ஆண்டின் முடிவில் நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. A பத்தியில் 0 என்று எழுதி வைத்திருப்பதை அது பார்ப்பதே இல்லை. முதலீடு ஓர் ஆண்டு தள்ளிப்போனதும், அதன் பின்னால் வந்த நான்கு வரவுகளும் ஆளுக்கு ஓர் ஆண்டு தள்ளிப்போயின.

எல்லாமே ஒரே அளவு தள்ளிப்போனதால் பிழைக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. சரியான விடையைத் தவறான விடையால் வகுத்துப் பாருங்கள்: 11,556.59 ÷ 10,505.99 = 1.10. ஈவு சரியாக 1 கூட்டல் வீதமாக வந்தால், வேறெங்கும் தேட வேண்டாம்.

திருத்தம் எளிது. இன்றைய தொகையைச் செயற்கூறுக்கு வெளியே எடுத்துவிடுங்கள்:

```
=B2+NPV(10%,B3:B6)
```

விடை 11,556.59. B2-இல் ஏற்கெனவே கழித்தல் குறி இருப்பதால் கூட்டல்தான் போட வேண்டும்; இங்கே மீண்டும் கழித்தால் முதலீடு வருமானமாக மாறிவிடும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் நீள வழியிலும் சரிபார்க்கலாம். C2-இல் கீழே உள்ள முதல் வரியைத் தட்டி C6 வரை இழுங்கள். இரண்டாவது வரியை வேறொரு கட்டத்தில் போடுங்கள்.

```
=1/(1+10%)^A2
=SUMPRODUCT(B2:B6,C2:C6)
```

இந்த முறையில் ஆண்டு எண் கண்ணெதிரே நிற்கும். C2-இல் 1 வர வேண்டும், 0.9091 வந்தால் அதே பழைய தவறு. தொடக்கநிலையில் இருப்பவர்கள் `NPV`-ஐ விட இதையே பழகுவது நல்லது என்பேன்.

இந்தப் பிழை இவ்வளவு பேரிடம் நீடிக்கக் காரணம், அது விடையின் குறியை மாற்றாததுதான். நேர்மறை எண்ணை 1.10-ஆல் வகுத்தாலும் நேர்மறையே. திட்டத்தை ஏற்கலாமா வேண்டாமா என்ற முடிவு மாறாததால் யாருக்கும் உறுத்துவதில்லை. தொகை மட்டும் 1,050.60 குறைந்திருக்கும். போதாக்குறைக்கு, உள் வருவாய் வீதம் காண `=IRR(B2:B6)` என்று முதலீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் அது சரியாகவே ஏறக்குறைய 15.3% தருகிறது. அங்கே பழகிய கை இங்கேயும் B2-இலிருந்தே இழுத்துவிடுகிறது.

காலக்கணக்கில் இன்னொரு பொறியும் உண்டு. ஏதோ ஓர் ஆண்டில் வரவே இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். `NPV` வெற்றுக் கட்டத்தைத் தாண்டிச் சென்றுவிடும். இரண்டாம் ஆண்டின் கட்டம் வெறுமையாக இருந்தால், மூன்றாம் ஆண்டு வரவு இரண்டாம் ஆண்டாகக் கணக்கிடப்படும், விடை கூடிவிடும். முன்னே சொன்ன வகுத்தல் சோதனையில் இது சிக்காது, ஏனென்றால் வெற்றிடத்துக்குப் பின்னால் உள்ள தொகைகள் மட்டுமே நகர்கின்றன. அந்தக் கட்டத்தில் 0 என்று தட்டிவிடுங்கள்.