அரச அதிகாரிக்குக் கடிதம்: 'ஐயா/அம்மணி' தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' வரை

அப்பாவின் காணி அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதி கேட்டு பிரதேச செயலாளருக்கு எழுத வேண்டி வந்தது. விடயத்தை எழுதுவது இலகு. தொடக்கத்திலும் முடிவிலும் என்ன போடுவது என்பதில்தான் நேரம் போனது. திருகோணமலையில் இதே கடிதம் எழுதப் போகிறவர்களுக்காக, நான் செய்ததை அப்படியே தருகிறேன். உங்கள் முகவரி, திகதி எல்லாம் வழமைபோல மேலே வரட்டும்.

1. பெறுநர்: ஆளை அல்ல, பதவியை எழுதுங்கள்

அதிகாரிக்கு இடமாற்றம் வந்தாலும் பதவி அங்கேயே இருக்கும். பெயர் போட்ட கடிதம் அவருடைய சொந்தக் கடிதம் என்று ஒதுக்கி வைக்கப்படலாம். பதவி போட்டால் யார் அந்தக் கதிரையில் இருந்தாலும் கோப்புக்குப் போகும். பதில் கடமையில் ஒருவர் இருந்தாலும் 'பிரதேச செயலாளர்' என்றே எழுதலாம்.

பிரதேச செயலாளர்,
பிரதேச செயலகம்,
தம்பலகாமம்.

நகரத்துக்குள் இருப்பவர்கள் கடைசி வரியில் 'பட்டினமும் சூழலும், திருகோணமலை' என்று எழுத வேண்டும். வெறும் 'திருகோணமலை' என்று விட்டால் மாவட்டச் செயலகமா பிரதேச செயலகமா என்ற குழப்பம் வரும்.

2. விளி: இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்

கருமபீடத்தில் நாம் 'சேர்', 'மிஸ்' என்று கூப்பிடுகிறோம். கடிதத்தில் அது வராது. அதிகாரி ஆண் என்று தெரிந்தால் 'ஐயா,', பெண் என்றால் 'அம்மணி,', தெரியாவிட்டால் 'ஐயா/அம்மணி,'. இவ்வளவுதான். தெரிந்த பிறகும் இரண்டையும் போட்டு வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. செயலகத்துக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

'கனம் ஐயா' என்று எழுதும் பழக்கம் பெரியவர்களிடம் இருக்கிறது; தவறில்லை. ஆனால் 'கௌரவ' என்பதைப் பிரதேச செயலாளருக்குப் போடாதீர்கள். அது அமைச்சர், ஆளுநர், பாராளுமன்ற உறுப்பினர் போன்றவர்களுக்கு உரியது. 'அதிமேதகு' சனாதிபதிக்கு. மரியாதை கூடட்டும் என்று 'மாண்புமிகு', 'உயர்திரு', 'அவர்கள்' மூன்றையும் ஒரே வரியில் அடுக்கிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். வாசிப்பவருக்கு யாருக்கு எழுதியது என்பதே பிடிபடாது.

விளிக்கு அடுத்த வரியில் தலைப்பு, கீழ்க்கோடு போட்டு: 'காணி அனுமதிப்பத்திரத்தின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி பெறல்'. அனுமதிப்பத்திர இலக்கம் தெரிந்தால் அதையும் இதிலேயே சேருங்கள். காணிக் கிளையில் தேடுவது அதை வைத்துத்தான்.

3. முடிவு

கோரிக்கை முடிந்ததும் 'நன்றி.' ஒரு வரி. பிறகு:

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
முழுப்பெயர்
தேசிய அடையாள அட்டை இலக்கம்
தொலைபேசி இலக்கம்

'இப்படிக்கு' என்றும் எழுதலாம், இரண்டில் ஒன்று போதும். 'தங்கள் உண்மையுள்ள' ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். 'கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்ற பழைய முடிவை விட்டுவிடுங்கள்; உரிமையாகக் கிடைக்க வேண்டிய ஒன்றைக் கேட்கும் கடிதத்துக்கு அது தேவையில்லை. 'அன்புடன்' நண்பர்களுக்கு.

கையொப்பத்துக்குக் கீழே பெயரைத் தெளிவாக எழுதுங்கள். கையொப்பத்தை மட்டும் வைத்து யாருக்குப் பதில் அனுப்புவது? எழுதுவது மகன், காணி அப்பாவின் பெயரில் என்றால், அந்த உறவை முதல் பந்தியிலேயே சொல்லிவிட வேண்டும். முடிவில் வரும் பெயரும் அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெயரும் வேறாக இருப்பதற்கு அதுதான் விளக்கம்.

கையெழுத்து நன்றாக இருந்தால் ஏ4 தாளில் நீல மையால் எழுதுவதையே நான் விரும்புகிறேன். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். தபாலென்றால் பதிவுத் தபால்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஆசிரியை ஒருவர் அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத வேண்டும், யாரை விளிப்பது என்று கேட்டிருந்தார். 'அதிபர் ஊடாக' என்பது பெறுநர் பகுதியோடு நின்றுவிடும். விளி பணிப்பாளருக்கு மட்டும்.

அதிகாரி சிங்களவர் என்றால் சிங்களத்தில் எழுத வேண்டுமா என்று இன்னொருவர். வேண்டாம். 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. 'ஐயா,' என்று தொடங்கித் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம்.

மின்னஞ்சலில் அனுப்பும்போது பாமினி எழுத்துருவில் தட்டினால், மறுபக்கத்தில் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'ஐயா' கூட வேறு எழுத்துகளாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டுங்கள், அல்லது கையொப்பமிட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக இணையுங்கள்.