அண்ணன் அனுப்பிய பணம் கடனா, முதலா? கடைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டுப் பணம் கலக்காத கடை என் கைக்கு வருவது அரிது. கத்தாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் ஒருவர் பணம் அனுப்புகிறார், ஊரில் இருப்பவர் கடையை நடத்துகிறார். சில வருடம் கழித்து, அந்தப் பணம் கடையில் என்னவாக இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. அப்படி வந்த ஒரு சம்பவத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உப்புவெளிப் பக்கம் தம்பி ஒரு கட்டடப் பொருள் கடை வைத்திருந்தார். வியாபாரப் பெயர் பிரதேச செயலகத்தில் அவர் ஒருவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. கத்தாரில் இருந்த அண்ணன் 2022 ஜனவரியில் 30,000 ரியால் அனுப்பினார். ரியால் ஏறத்தாழ 55 ரூபாவாக இருந்ததால் 16.5 இலட்சம் ரூபா வந்தது. அந்த மார்ச்சில் ரூபாய் சரிந்தது. ஜூனில் அவர் அனுப்பிய 10,000 ரியாலுக்கு, 97 ரூபா வீதம், 9.7 இலட்சம் கிடைத்தது. இதைத் தவிர அம்மாவின் மருந்துச் செலவுக்கு மாதம் 500 ரியாலும் அதே வங்கிக் கணக்குக்கே வந்துகொண்டிருந்தது.

முதல் தவறு இங்கேயே நடந்தது. கணக்கில் விழுந்த பணம் முழுவதையும் தம்பி அன்றன்றைய விற்பனையோடு சேர்த்து எழுதிவிட்டார். கடன் வருமானம் அல்ல, முதலும் வருமானம் அல்ல. ஆனால் விற்பனை என்று எழுதியதும் இலாபம், அம்மாவின் பணத்தைச் சேர்க்காமலேயே, 26.2 இலட்சத்தால் வீங்கியது. வருமான வரிக் கணக்கு அதிலிருந்தே தொடங்கும். பின்னர் திருத்த நாங்கள் வங்கிக் கூற்றையும் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் தேதி வாரியாகப் பொருத்த வேண்டியிருந்தது. இவர் வங்கி வழியாக அனுப்பியதால் அது முடிந்தது. அந்த மாதங்களில் உண்டியல்காரர்கள் வங்கியைவிடக் கூடுதல் விலை தந்தார்கள், அந்த வழியில் அனுப்பியவர்கள் பலர். அவர்களிடம் பொருத்திப் பார்க்க ஒரு தாளும் இல்லை.

அம்மாவின் 500 ரியாலைப் பிரித்தெடுப்பதுதான் இன்னும் கடினமாக இருந்தது. அது கடையின் பணமே அல்ல. கடையின் பேரேட்டில் அதற்கு இடமும் இல்லை. கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று முதல் நாளே பிரித்திருந்தால் எங்கள் இரண்டு வார வேலை மிச்சமாகியிருக்கும்.

2024 இறுதியில் அண்ணன் ஊருக்கு வந்தபோது இருவரின் நினைவும் இரண்டு மாதிரி இருந்தது. “நான் போட்டது கடையில் பாதி” என்றார் அவர். “அண்ணா, நீங்கள் தந்தது கைமாற்றுத்தானே, நான் திருப்பித் தருகிறேன்” என்றார் தம்பி. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் என்றால் அண்ணன் பங்காளர். இலங்கையில் மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருந்து கையொப்பமும் இடப்பட்டிருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. வாய்ப்பேச்சை வைத்து அண்ணன் பங்கு கேட்டுப் போராடுவது கடினம். எழுத்தில் இருந்து, இலாப விகிதம் மட்டும் எழுதாமல் விட்டாலும் சிக்கல் உண்டு. பங்குடைமைக்கு நம் நாட்டில் பொருந்தும் 1890ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சரிபாதி. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. இன்னொன்றை அண்ணன் யோசித்தே இருக்கவில்லை: பங்காளர் என்றால் சீமெந்து விநியோகத்தருக்குக் கடை வைத்திருக்கும் பாக்கிக்குத் தன் சொந்தச் சொத்திலிருந்தும் பொறுப்பாவார். தோஹாவில் உழைத்துச் சேர்த்த பணத்தை இப்படித் திறந்து வைக்கிறோம் என்று தெரிந்தே கையெழுத்திட வேண்டும்.

கடன் என்றால் கேள்வி வேறு: எந்த நாணயத்தில்? பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான், மிக அதிகமாக அடிப்பதும் இதுதான். தம்பி ரூபாவாக வாங்கியதாக நினைத்தார், ஆகவே 26.2 இலட்சம். அண்ணன் கொடுத்தது 40,000 ரியால். 2024 இறுதியில் ரியால் 80 ரூபா அளவில் இருந்தது, அப்படியானால் 32 இலட்சம். வட்டி ஒரு சதமும் இல்லாமலேயே 5.8 இலட்சம் ரூபா இடைவெளி. இதில் எது நியாயம் என்று வெளியாள் நான் சொல்ல முடியாது. ரூபாய் விழும் ஆபத்தை யார் தாங்குவது என்பதைப் பணம் வந்த அன்றே ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

எழுதாத கடனுக்குக் காலமும் எதிரி. 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி எழுத்துமூலப் பிணையில்லாத கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும், எழுத்துமூல வாக்குறுதிக்கு ஆறு வருடம். கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்தக் காலக்கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே ஆண்டு முடிவில் “இன்ன தேதியில் உங்களுக்குத் தர வேண்டியது இவ்வளவு” என்று தம்பி கையொப்பமிட்டு அனுப்பும் அரைப்பக்கக் கடிதம் அண்ணனுக்குப் பெரிய பாதுகாப்பு.

கடனையும் முதலையும் கலக்கும் ஆசை அதிகம். “வட்டி வேண்டாம், இலாபத்தில் கொஞ்சம் தா” என்பார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் மார்க்கக் காரணத்தால் வட்டியைத் தவிர்ப்பவர்கள் இப்படியே பேசிக்கொள்வார்கள். இலாபத்தில் பங்கு வாங்குவது ஒருவரைப் பங்காளராகக் காட்டும் முதல் அடையாளம் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். கடனாகவே இருக்க வேண்டுமானால் இருவரும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அவசியம் என்கிறது அதே 1890ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு ஒரு விலையும் உண்டு: தம்பி வங்குரோத்தானால், மற்றக் கடன்காரர்களுக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் அண்ணனின் முறை.

பேரேட்டில் செய்யும் பிழை சிறிது, ஆனால் வருடந்தோறும் திரும்ப வருகிறது. அண்ணனுக்கு 2 இலட்சம் கட்டினால் தம்பி அதைச் செலவு என்று எழுதுவார். அசல் திரும்பப் போனால் கடன் குறைகிறது, செலவு ஏற்படுவதில்லை. வட்டி மட்டுமே செலவு. பங்காளருக்குக் கொடுத்தால் அது அவர் எடுத்துக்கொண்ட பணம், அதுவும் செலவு அல்ல.

வங்கியில் கடன் கேட்கப் போகும்போது சிலர் உறவினர் பணத்தை முதல் என்று காட்டுகிறார்கள், வீட்டில் கடன் என்கிறார்கள். பழைய தேதியிட்டு ஒரு தாளும் தயாராகும். வேண்டாம். உண்மையைச் சொல்லி, வங்கிக் கடன் தீரும்வரை என் பணத்தைக் கேட்கமாட்டேன் என்று அண்ணன் எழுதித் தரும் கடிதத்தை வங்கியிடம் கொடுக்கலாம்.

அந்தச் சகோதரர்கள் இறுதியில் அதைக் கடன் என்றே எழுதினார்கள். ஜனவரிப் பணம் ரூபாவில், ஜூன் பணம் ரியாலில், மாதம் 40,000 ரூபா தவணை. ஜூன் தொகைக்குப் போகும் தவணை அன்றைய வங்கி வீதத்தில் ரியாலாகக் கணக்கிடப்படும். அம்மாவின் பணம் இப்போது அம்மாவின் கணக்குக்கே போகிறது.